டிவிஎஸ் மோட்டார் வாங்குவதா, டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் வாங்குவதா?

கேள்வி: டிவிஎஸ் மோட்டாரில் பாதிக்கு மேல் டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் கையில் இருக்கிறதாம். அப்படியென்றால் ஹோல்டிங்ஸ் பங்கு வாங்கினால் மோட்டாரும் எனக்குச் சொந்தம்தானே? ஒன்று சில ஆயிரம், இன்னொன்று பத்தாயிரத்துக்கு மேல் விற்கிறதே, ஏன்?

பதில்: சொந்தம் இல்லை. மோட்டார் பங்குகள் ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனியின் பெயரில் இருக்கின்றன. நீங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியில் ஒரு துண்டு. மோட்டாரின் பொதுக்குழுவில் உங்களுக்கு ஓட்டு கிடையாது, மோட்டார் தரும் டிவிடெண்டும் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. அது ஹோல்டிங்ஸுக்குப் போய், அங்கே போர்டு தீர்மானித்த பங்குதான் உங்களுக்கு வரும்.

விலை வித்தியாசத்தில் முதல் பாதி வெறும் எண்ணிக்கைக் கணக்கு. மோட்டாருக்கு சுமார் 47.5 கோடி பங்குகள், ஹோல்டிங்ஸுக்கு சுமார் 2.02 கோடிதான். மோட்டாரில் ஹோல்டிங்ஸின் பிடி 50.26 சதவீதம், அதாவது சுமார் 23.9 கோடி பங்குகள். இதை 2.02 கோடியால் வகுத்தால், ஒரு ஹோல்டிங்ஸ் பங்குக்குப் பின்னால் ஏறக்குறைய 11.8 மோட்டார் பங்குகள் நிற்கின்றன. ஆகவே இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்து எது காஸ்ட்லி என்று பார்ப்பதில் பொருளில்லை.

கணக்குக்காக மோட்டார் 3,000 ரூபாய், ஹோல்டிங்ஸ் 13,000 ரூபாய் என்று வையுங்கள். 11.8 மோட்டார் பங்குகளின் மதிப்பு 35,400. அதைச் சந்தை 13,000-க்கு விற்கிறது, அதாவது 63 சதவீதம் தள்ளுபடி. ஹோல்டிங்ஸிடம் வேறு சொத்தும் உண்டு. 2025-இல் ஹோம் கிரெடிட் இந்தியா என்ற கடன் தரும் நிறுவனத்தில் சுமார் 81 சதவீதத்தை வாங்கியது, விலை 554 கோடி. ஒரு பங்குக்கு 275 ரூபாய் அளவுதான் வரும், கணக்கு பெரிதாக மாறாது. ஹோல்டிங்ஸ் தன் பெயரில் வாங்கிய கடனை மட்டும் இதிலிருந்து கழிக்க வேண்டும்.

இவ்வளவு தள்ளுபடி ஏன்? அந்த 23.9 கோடி பங்குகளை யாரும் விற்கப்போவதில்லை. மோட்டாரின் கட்டுப்பாடு அந்தப் பங்குகளில்தான் இருக்கிறது. ஹோல்டிங்ஸில், கம்பெனியைக் கட்டுப்படுத்தும் புரமோட்டர் தரப்பு ஏறக்குறைய 74 சதவீதம் வைத்திருக்கிறது. 50.26-இல் 74 சதவீதம் என்றால் ஹோல்டிங்ஸ் வழியாக மோட்டாரில் அவர்களுடைய பொருளாதாரப் பங்கு சுமார் 37 சதவீதம், ஆனால் ஓட்டுப் பலம் பாதிக்கு மேல். இந்த ஏற்பாட்டைக் கலைக்க அவர்களுக்கு அவசரம் இல்லை. ஒருவேளை விற்றாலும் லாபத்துக்கு முதலில் கம்பெனி வரி கட்டும், மிச்சத்தை உங்களுக்குத் தரலாம், வேறொரு தொழிலிலும் போடலாம். கையில் எப்போது வரும் என்று தெரியாத பணத்துக்குச் சந்தை முழு விலை தராது.

மலிவு என்று ஹோல்டிங்ஸை வாங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான். மோட்டார் 3,000-இலிருந்து 3,600-க்குப் போகிறது. தள்ளுபடி அதே 63 சதவீதத்தில் நின்றால் ஹோல்டிங்ஸும் சுமார் 15,700-க்கு வரும், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே லாபம். தள்ளுபடி 70 சதவீதமாக விரிந்தால்? 42,480-இல் 30 சதவீதம், 12,744. மோட்டார் 20 சதவீதம் ஏறியும் உங்களுக்கு நஷ்டம்! தள்ளுபடி சுருங்க இணைப்போ, பங்குகளைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதோ போல ஏதாவது நடக்க வேண்டும். அறிவிப்பு இல்லாமல் அதை எதிர்பார்த்து வாங்குவது சூதாட்டம்.

இன்னொரு பொறி, பங்கு விவரம் காட்டும் தளங்கள். துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டும் ஹோல்டிங்ஸின் கன்சாலிடேட்டட் கணக்கில் மோட்டாரின் விற்பனையும் லாபமும் முழுசாகச் சேர்ந்து நிற்கும், மற்றவர்களுடைய 49.74 சதவீதம் உட்பட. அந்த மொத்த லாபத்தை 2.02 கோடிப் பங்குகளால் வகுத்து, பங்கு விலை லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் பிஇ அநியாயத்துக்குக் குறைவு என்று மகிழாதீர்கள். லாப நஷ்டக் கணக்கின் அடியில் "தாய் நிறுவன உரிமையாளர்களுக்கு உரியது" என்று தனி வரி இருக்கும், அதை எடுங்கள். கடனிலும் இதே சிக்கல்: மோட்டாரின் துணை நிறுவனமான டிவிஎஸ் கிரெடிட் வாங்கிய கடனும் அதில் சேர்ந்திருக்கும். ஹோல்டிங்ஸின் சொந்தக் கடனுக்கு, அந்தக் கம்பெனியை மட்டும் தனியாகக் காட்டும் ஸ்டாண்டலோன் கணக்கைப் பாருங்கள்.

யாரிடம் எவ்வளவு என்பதை என்எஸ்இ அல்லது பிஎஸ்இ தளத்தில் கம்பெனிப் பெயரைத் தேடி, Shareholding Pattern பகுதியில் பார்க்கலாம். காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் புதுசு ஏறிவிடும். மோட்டாருக்கான பட்டியலில் புரமோட்டர் பகுதியில் ஹோல்டிங்ஸின் பெயரும் பங்கு எண்ணிக்கையும் இருக்கும். அடமானம் வைத்த பங்குகளுக்கான பத்தியையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய பதிவுகளைத் தேடும்போது ஜாக்கிரதை: 2023 வரை ஹோல்டிங்ஸின் பெயர் சுந்தரம் கிளேட்டன். இன்று அந்தப் பெயரில் பட்டியலில் இருப்பது, பிரிந்து போன வார்ப்பு உதிரிபாகத் தொழில்.

உங்களுக்கு வண்டித் தொழில் மேல் நம்பிக்கை என்றால் மோட்டாரையே வாங்குங்கள். ஹோல்டிங்ஸ் வேண்டுமானால், முதலில் கடைசி சில ஆண்டுகளின் மார்ச் இறுதி விலைகளை எடுத்து, அந்த 11.8 கணக்கைப் போட்டுத் தள்ளுபடி எந்த அளவுக்குள் ஆடியிருக்கிறது என்று எழுதிவையுங்கள். இன்றைய தள்ளுபடி அதன் மேல் விளிம்பை ஒட்டி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.