சிங்கப்பூர்ல ஸ்ட்ரீமிங் ஆப் ஓடல, சந்தா காசு வேஸ்டா?

"சிங்கப்பூர் வந்திருக்கேன், ஹோட்டல் வைஃபைல எந்தப் படத்த தொட்டாலும் இந்தப் பகுதியில் கிடைக்காதுன்னு வருது. இந்தியால கட்டின சந்தா இன்னும் 8 மாசம் இருக்கு. விபிஎன் போடலாமா?"

சந்தாவுக்கு ஒண்ணும் ஆகலங்க, படத்தோட உரிமைய நாடு நாடா வாங்குவாங்க, நீங்க எங்க இருக்கீங்கன்னு ஐபி அட்ரஸ வச்சுத்தான் ஆப் முக்கியமா பாக்குது, ஹோட்டல் வைஃபைனா அது சிங்கப்பூர் ஐபி, அவ்ளோதான்.

விபிஎன்ல காசு போடாதீங்க. அவங்க சர்வர் பெரும்பாலும் டேட்டா சென்டர்ல இருக்கும், அந்த ஐபி நிறைய ஸ்ட்ரீமிங்காரங்க பிளாக் லிஸ்ட்ல ஏற்கனவே இருக்கு, இன்னைக்கு ஓடும் நாளைக்கு பிராக்ஸி எர்ரர் வரும். நிறைய ஆப்ல அது விதிமீறலும் கூட.

உங்க இந்திய சிம்ல ரோமிங் பேக் இருக்கா? வைஃபைய ஆஃப் பண்ணிட்டு ரோமிங் டேட்டா ஆன் பண்ணுங்க, பிரவுசர்ல what is my ip னு தேடி வர்ற ஐபி எந்த நாடுன்னு பாருங்க. பெரும்பாலும் இந்தியான்னுதான் காட்டும், ஏன்னா ரோமிங் டேட்டா நம்ம ஊர் கம்பெனி வழியாத்தான் சுத்தி வெளிய போகும். ஆப்ப முழுசா மூடித் திறந்தா ஓட வாய்ப்பிருக்கு (சில ஆப் ஜிபிஎஸ்ஸும் பாக்கும், அங்க இது வேலைக்காகாது). குவாலிட்டிய குறைச்சு வைங்க, ஹெச்டில விட்டா 1 ஜிபி பேக் ஒரு படத்துக்கே பத்தாது.