மொத்தம் என்றால் எதனுடைய மொத்தம்?

கேள்வி: மாணவரின் தவறான விடையைப் பார்த்து, "தப்பு நான் சொல்லிக்கொடுத்ததில்தான்" என்று உணர்ந்த ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு, பின்னக் கூட்டல். 3/4 + 3/4 என்ற கணக்குக்கு ஒரு பெண் 6/8 என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்புதான். சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருப்பேன். ஆனால் விடைக்குப் பக்கத்தில் படமும் போட்டிருந்தாள். இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நாலு அறை, மும்மூன்று அறைகளில் பென்சில் தீற்றல்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, கீழே மொத்தத் துண்டு, மேலே எடுத்த துண்டுன்னு. எண்ணிப் பாருங்க, மொத்தம் எட்டுதானே இருக்கு?"

6/8ஐச் சுருக்கினால் மறுபடியும் 3/4தான், அப்போது இன்னொரு முக்கால் எங்கே போயிற்று என்று அவளை மடக்கியிருக்கலாம். அது விடை தப்பு என்று காட்டும். ஏன் தப்பு என்று காட்டாது. அவளோ என் விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். மொத்தம் என்றேனே தவிர, எதனுடைய மொத்தம் என்று நான் சொல்லவே இல்லை. அதுவரை நான் வரைந்ததெல்லாம் ஒரே ஒரு கட்டம் என்பதால் அந்த ஓட்டை வெளியே தெரியவில்லை. இரண்டு கட்டமும் சேர்ந்துதான் ஒரு முழு என்று வைத்துக்கொண்டால் 6/8 சரியான விடை. என்ன, நான் கேட்டது அதுவல்ல.

என் விதியை 5/4க்குப் பொருத்திப் பார்த்தேன். நாலு துண்டில் ஐந்தை எப்படி எடுப்பது? தகா பின்னம் என்றாலே வகுப்பு முழிக்கிறது என்று வருஷக்கணக்கில் பிள்ளைகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வாசிக்கிற முறையும் இதற்குத் துணை. "நான்கில் மூன்று" என்று வாசித்தால் நாலிலிருந்து மூன்றை எடுப்பதுதான் மனதில் வரும். வீட்டில் பேசும் "முக்கால்" அப்படியில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே மூன்று கால் இருக்கிறது!

மறுநாள் இரண்டு தாள்களை நாலு நாலாக மடித்துக் கிழித்தேன். ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினேன். கால் என்றார்கள். இதில் மூன்றும் மூன்றும்? ஆறு கால். நாலு துண்டைச் சேர்த்து வைத்தால் ஒரு தாள், மீதி இரண்டு துண்டு அரைத் தாள். ஒன்றரை என்று அவளே சொன்னாள். துண்டு எத்தனை சேர்ந்தாலும் ஒவ்வொன்றும் கால்தான், அதனால்தான் கீழே உள்ள 4 மாறுவதில்லை.

கால், அரைக்கு இருப்பதுபோல் 2/5க்குப் பேச்சுவழக்கில் சொல் கிடையாது. அங்கே "ஐந்தில் ஒன்று, அது இரண்டு தடவை" என்று சுற்றி வளைத்துத்தான் வாசிக்கச் சொல்கிறேன். வாய்க்குக் கொஞ்சம் நீளம்தான், வேறு வழி தெரியவில்லை.

அன்றைக்குக் கடைசியாக 5/4 என்று எழுதிப் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அஞ்சு கால், ஒண்ணேகால் மிஸ்" என்றான்.