அடிப்பதற்கு முன்பும் பின்பும் என்ன நடந்தது?

சோமனூர், தங்கை: போன தடவை நீங்க சொன்ன மாதிரி, அண்ணன் அடிக்கறப்பெல்லாம் ரெண்டு வாரம் நோட்டுல எழுதிட்டேனுங்க. அண்ணனுக்கு 29 வயசு, பேச்சு நாலஞ்சு வார்த்தைதான். மொத்தம் 19 தடவை அம்மாவை அடிச்சிருக்குது. தறி சத்தம்தான் காரணம்னு அப்பா சொல்றாரு. தறியை நிறுத்தினா பொழப்பு ஓடாதுங்க.

நோட்டின் படங்களை மூன்று முறை படித்தேன். அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தார், உடனே பின்னால் என்ன நடந்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றாவது கட்டத்தைப் பெரும்பாலானவர்கள் காலியாக விட்டுவிடுவார்கள். நீங்கள் விடவில்லை. அதனால்தான் விஷயம் பிடிபட்டது.

தறி ஓடும்போது நடந்தது ஒன்றுகூட இல்லை. 14 தடவை தறி நின்று அரை மணி நேரத்துக்குள் நடந்திருக்கிறது. கரண்ட் போகிறது, தறி நிற்கிறது, அம்மாவுக்குக் கை ஓய்கிறது, அண்ணனைக் குளிக்கக் கூட்டிப் போகிறார். அந்த 14-இல் 13 பாத்ரூம் வாசலிலோ உள்ளேயோ நடந்தவை. 11 இடத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "அம்மா சொம்பைப் போட்டுட்டு வெளிய வந்துட்டாங்க." அடித்ததும் குளியல் நின்றுவிடுகிறது. அப்பா தறியைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. தறி நிற்பதும் அடியும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, நடுவில் இருக்கிற குளியல் அவர் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்க வைக்கிறார், இரண்டு ஞாயிறும் அடி இல்லை. அப்பாவிடம் பயம் என்று நினைக்கலாம். ஆனால் அப்பா தோளுக்குக் கீழேதான் தண்ணீர் ஊற்றுகிறார், தலையை ஈரத்துண்டால் துடைக்கிறார். அம்மா தலையில் ஊற்றுகிறார். நோட்டின் ஓரத்தில் "காதைத் தேய்ச்சுட்டே இருந்துச்சு", "தலகாணில கறை" என்று நான்கு நாள் எழுதியிருக்கிறீர்கள். திட்டம் கிட்டமெல்லாம் அப்புறம். நாளைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர் அடித்தால் காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பாருங்கள்.

தலையில் ஊற்றும் தண்ணீர் பட்டுக் காது வலிக்கிறது என்பது இன்னும் என் ஊகம்தான். சரிபார்க்க, நான்கு நாள் அம்மாவும் அப்பா மாதிரியே குளிக்க வைக்கட்டும். அடி குறைந்தால் தலையில் விழும் தண்ணீர்தான் பிரச்சனை. குறையாவிட்டால் ஆளா, நேரமா என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். மீதி 5 தடவையில் நான்கு, நீங்கள் போனைத் திருப்பி வாங்கும்போது நடந்திருக்கின்றன. அடித்த பிறகு போன் திரும்பக் கிடைத்ததா என்று எழுதவில்லை. அது வேறு காரணம், இதோடு சேர்க்காதீர்கள்.

நாமக்கல், அப்பா: கோவம் குறையறதுக்கு எந்த மாத்திரை நல்லதுங்க?

டாக்டர் பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டேன். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவுசார் குறைபாடும் அடிக்கும் பழக்கமும் உள்ள 86 பெரியவர்களுக்கு ரிஸ்பெரிடோன் மருந்து, ஹாலோபெரிடால் மருந்து, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று பிரிவிலும் அடி குறைந்தது, மருந்து வெறும் மாத்திரையை ஜெயிக்கவில்லை. இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

காங்கேயம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: அடிச்சதும் குளியலை விட்டா பழகித்தானே போகும்? நாலு நாள் கெட்டியாப் புடிச்சுக் குளிப்பாட்டினா சரியாயிரும். 30 வருஷம் பசங்களை மேய்ச்சவன் நான்.

முதல் பாதி சரிதான் ஐயா. அடித்தால் குளியல் நிற்கும் என்று அவர் கற்றுக்கொண்டது அப்படித்தான். இரண்டாவது பாதியில்தான் ஆபத்து. இதுவரை பலித்த ஒன்று பலிக்காமல் போனால் முதலில் அது கூடலாம், பிறகுதான் குறையும். வழுக்கும் தரையில், 70 கிலோ ஆளை, 55 வயது அம்மா பிடிப்பதா? கடைசியில் அம்மா விட்டுவிட்டால், இன்னும் பலமாக அடித்தால்தான் விடுவார்கள் என்று அவர் கற்றுக்கொள்வார். காதில் வலி இருந்தால் இது கொடுமையும்கூட. அடிக்காமலே "நிறுத்து" என்று கேட்க ஒரு வழியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர் கையைத் தன் நெஞ்சில் வைத்தால் போதும், அந்த நொடியே சொம்பு கீழே.

கோவை, சிறப்புக் கல்வி மாணவி: கையை வெச்சதும் விட்டா, நாள் முழுக்க கையை வெச்சுட்டே இருப்பாரே மேடம்? எங்க வகுப்புல தப்பிக்க விடக்கூடாதுன்னுதான் சொன்னாங்க.

வைப்பார். முதல் வாரம் பத்து சொம்புக்கு எட்டு தடவை வைத்தாலும் எட்டு தடவையும் நிறுத்துங்கள். ஒரு நிமிட இடைவெளி, பிறகு மறுபடி. கை அடியைவிடச் சுலபமாக, வேகமாகப் பலித்தால்தான் அவர் அடியை விடுவார். அடியில்லாமல் ஒரு வாரம் போன பிறகு "இன்னும் ஒரு சொம்பு, அப்புறம் நிறுத்தலாம்" என்று தள்ளுங்கள், பிறகு இரண்டு. வேகமாகத் தள்ளினால் அடி திரும்பும். திரும்பினால் ஒரு படி இறங்குங்கள். உங்கள் வகுப்பில் சொன்ன முறைக்கு இடம் உண்டு, பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேர் இருக்கிற இடத்தில். வீட்டுப் பாத்ரூமில் இல்லை.

காங்கேயம்: அவன் கேக்கறப்பெல்லாம் நிறுத்தறது செல்லம் குடுக்கறதுங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

ஒத்துக்கொள்ள வேண்டாம், எண்ணிப் பாருங்கள். நான்கு வாரம் கழித்து நோட்டில் அடியின் எண்ணிக்கை குறையவில்லை என்றால் என் வழி தப்பு, மாற்றுவேன்.

தாராபுரம், அம்மா: என் பையனுக்கு 4 வயசுங்க, இன்னும் பேச்சு வரல. அவனுக்கும் நோட்டு போடணுமா?

இது வேறு விஷயம் அம்மணி. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கும், காது கேட்கும் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

கரூர்: அடிக்கறதை நிறுத்த என்ன மாத்திரை குடுக்கலாம்?

நாமக்கல்காரருக்குச் சொன்னதுதான். வலியைப் பார்த்தீர்களா?

சோமனூர், தங்கை: திட்டத்தை எப்படி எழுதறதுங்க? வாரத்துல ரெண்டு நாள் பெரியம்மா பாத்துக்கறாங்க. அவங்களுக்கும் புரியணும்.

ஒரே பக்கம், பெரிய எழுத்து, பாத்ரூம் கதவில். பெரியம்மா வாய்விட்டுப் படித்தால் உடனே செய்ய வரவேண்டும். "கோபக்காரன்", "பிடிவாதம்" போன்ற சொற்கள் வேண்டாம், கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி:

"தறி நின்ற உடனே குளிக்கக் கூப்பிட வேண்டாம். குளியலுக்குக் கால் மணி நேரம் முன்னால் துண்டைக் கையில் கொடுத்துச் சொல்லவும். தோளுக்குக் கீழேதான் தண்ணீர், தலைக்கு ஈரத்துண்டு. காதைத் தேய்த்தாலோ, முனகினாலோ, அடி விழ இன்னும் நேரம் இருக்கிறது: சொம்பைக் கீழே வைத்து, அவர் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக் காட்டி, ஒரு நிமிடம் நிற்கவும். அடித்துவிட்டால் இரண்டு காலடி தள்ளி நிற்கவும். திட்ட வேண்டாம், பேசவே வேண்டாம். அமைதியாகி 10 நிமிடம் ஆன பிறகு கால்களை மட்டும் கழுவி முடிக்கவும். எத்தனை அடி என்று நோட்டில் குறிக்கவும்."

கால்களை மட்டும் கழுவச் சொல்வது காங்கேயத்து ஐயாவின் நியாயத்துக்காக. அடித்ததோடு குளியல் முழுசாக முடிந்துபோகக் கூடாது, ஆனால் சண்டையும் வேண்டாம். கீழே நான்கு வாரம் கழித்து வரும் தேதியைப் போட்டு, அம்மா, பெரியம்மா, அப்பா மூவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் மட்டும் பழையபடி தலையில் ஊற்றினால் நோட்டில் எதுவும் தெளிவாகத் தெரியாது. டாக்டர் காதைப் பற்றிச் சொல்வதையும் அந்தப் பக்கத்திலேயே சேர்த்து எழுதுங்கள்.

போன் விஷயத்துக்கு இப்போது எதுவும் எழுதாதீர்கள். நான்கு நிகழ்வு போதாது. இன்னும் ஒரு வாரம் மூன்றாவது கட்டத்தோடு எழுதி அனுப்புங்கள். அடித்த பிறகு போன் யார் கையில் இருந்தது என்று.