ராத்திரியில் மட்டும் இறங்கும் சாப்பாடு

அன்புள்ள மேடம்,

தொண்டையில் உருண்டை மாதிரி ஏதோ நிற்கிறது. எச்சில் விழுங்கினால் கூட மாட்டிக்கொள்கிறது. மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். என் கணவரும் "எல்லாம் உன் நினைப்பு" என்கிறார். ஒன்றுமில்லாமலா இப்படி இருக்கும்? அவர் ஒருநாளும் என்னை நம்பியதில்லை. மாமியாரும் அவர் பக்கம்தான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தனியாகச் சாப்பிட்டால் இறங்கிவிடுகிறது, அதை விடுங்கள். ஒருநாள் எனக்குப் புரையேறியபோது ஏழு வயது மகள் அலறிவிட்டாள், அதிலிருந்து அவளோடு உட்காருவதில்லை. கணவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்றீர்களே, அதை நான் விடப்போவதில்லை. நிஜமான அடைப்பு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது. ராத்திரி இறங்குகிறது என்றால் பாதை திறந்திருக்கிறது. நீங்கள் பயப்படுவது சாப்பாட்டுக்கு அல்ல. மகள் கண்ணெதிரே மூச்சுத் திணறிவிடுவோமோ என்பதற்கு.

அதற்காக உருண்டை பொய் என்று சொல்லவில்லை. உணவுக்குழாயின் வாசலில் வளையம் போல ஒரு தசை உண்டு. எப்போதும் மூடியிருக்கும், விழுங்கும்போது மட்டும் ஒரு கணம் திறக்கும். பதற்றத்தில் அந்தப் பகுதி இறுகுவதைத்தான் உருண்டையாக உணர்கிறீர்கள். வாயும் வறண்டுவிடும். போய்விட்டதா என்று பார்க்க வெறும் எச்சிலை மறுபடி மறுபடி விழுங்குகிறீர்கள். எந்தக் கோளாறும் இல்லாதவர்கூட தொடர்ந்து ஐந்தாறு முறை அப்படி விழுங்கினால், அடுத்தது எளிதில் இறங்காது, வாயில் எச்சில் குறைந்திருக்கும். உங்கள் சோதனையே உருண்டையை வளர்க்கிறது. தொண்டையைச் செருமுவதும் அப்படித்தான்.

விழுங்கிப் பார்க்கத் தோன்றினால் ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளரவிடுங்கள், மேலண்ணத்தில் ஒட்டிய நாக்கைக் கீழே இறக்குங்கள், மூச்சை உள்ளே இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். கொட்டாவி வந்தால் அடக்காதீர்கள். உருண்டை உடனே போகாது, இறுக்கம் கொஞ்சம் குறையும். அது போதும்.

கணவர் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. "நினைப்பு" என்று அவர் சொன்னது தவறு. ஆனால் மகள் அலறியதையும் ராத்திரிச் சாப்பாட்டையும் அவரிடம் சொன்னதாக நீங்கள் எழுதவே இல்லை. தட்டைத் தள்ளிவைக்கும் மனைவியைத்தானே அவர் பார்க்கிறார்? அதை முதலில் சொல்லுங்கள். அப்புறம் மகளோடு உட்காருங்கள். முதல் சில நாள் மென்மையான உணவில் நாலைந்து வாய் போதும், அவளிடம் கதை கேட்டபடி. நடுவில் உருண்டை வந்தாலும் எழுந்து போகாதீர்கள். போனால், அம்மாவுக்கு ஏதோ ஆபத்து என்று அவளும் நினைப்பாள்.

தனியாக இருக்கும்போதும் கெட்டியான உணவு சிக்கினாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, குரல் கம்மியே இருந்தாலோ, எடை குறைந்தாலோ பழைய பரிசோதனையை நம்பி இருக்காதீர்கள். மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.