கசந்த காபிக்கு ஒரு சிட்டிகை உப்பு: கேள்வி பதில்

மதுரையில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்பது என் தொழில். கசந்துபோன காபியை எப்படித் தேற்றுவது என்று கேட்டிருந்தவர்களுக்குப் பதில்கள் கீழே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிகாஷனைத் தூக்கி அடுப்பில் வைக்காதீர்கள்.

திருமங்கலத்திலிருந்து ஓர் அக்கா: உப்புப் போட்டால் கசப்பு நிஜமாகவே குறையுமா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

குறையும். டிகாஷனில் இருக்கிற கசப்புப் பொருள் எங்கேயும் போகாது; நாக்குக்குத் தெரிவதுதான் குறைகிறது. உப்பில் இருக்கிற சோடியம், நாக்கு கசப்பை உணர்வதைத் தடுக்கிறது. 1997-இல் நேச்சர் இதழில் பிரெஸ்லின், போஷாம்ப் இருவரும் இதைப் பற்றி எழுதினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் சேர்த்ததும் கசப்பு அடங்கியது, அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வந்தது. அவர்கள் சேர்த்தது அவ்வளவாகக் கரிக்காத சோடியம் அசிடேட். அதனால் உப்புக் கரிப்பு கசப்பை மறைக்கிறது என்று சொல்ல முடியாது, வேலை செய்வது சோடியம்தான்.

அளவில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். 150 மில்லி டம்ளருக்கு 0.1 கிராம் போதும். ஆனால் ஒருவர் சிட்டிகை இன்னொருவருக்கு மூன்று சிட்டிகை. ஒரு டீஸ்பூன் தூள் உப்பை 120 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் அரை டீஸ்பூன் ஒரு டம்ளருக்கு. பாலிலும் கொஞ்சம் சோடியம் இருக்கிறது, அதனால் பால் காபிக்குக் கால் டீஸ்பூனில் ஆரம்பித்தாலே சரி. குடிக்கும்போது உப்பு தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது.

கே.கே. நகர், கல்லூரி மாணவர்: உப்புப் போட்டேன், கசப்பு போச்சு. ஆனா நாக்கு வறவறன்னு இருக்கே அண்ணே?

அது கசப்பு இல்லை தம்பி, துவர்ப்பு. பொடி மிக நைசாக இருந்து, குடையை வேறு இறுக்கி அழுத்தினால் தண்ணீர் இறங்காமல் நிற்கும். நிற்கிற நேரமெல்லாம் சக்கையிலிருந்து வேண்டாததும் சேர்ந்து இறங்கும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆகியும் பாதித் தண்ணீர் மேலேயே நின்றால் இதுதான் கதை. துவர்ப்புக்கு உப்பு உதவாது, கெட்டிப் பால் உதவும். பாலில் இருக்கிற புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். தீய்ந்த வாசனை அடித்தால் அதற்கு உப்பும் இல்லை, பாலும் இல்லை, கொட்டிவிடுங்கள். அந்த வாசனை பெரும்பாலும் டிகாஷனை அடுப்பில் வைத்ததால்தான் வருகிறது.

ஒத்தக்கடை, சமையல் ஒப்பந்தக்காரர்: நாளைக்கு ஒரு வீட்டில் வளைகாப்பு. 30 டம்ளருக்கு ஒரு லிட்டர் டிகாஷன் இறக்கினேன். பத்தாமல் அதே பொடியில் ரெண்டாவது தடவை தண்ணீர் ஊற்றிவிட்டேன். இப்போ தண்ணியாகவும் இருக்கு, கசக்கவும் செய்யுது.

இரண்டாம் தண்ணீர்தான் காரணம். காபியின் நல்ல ருசி முதலிலேயே இறங்கிவிடும். பிறகு வருவது நிறமும் கசப்பும். தண்ணீராக இருக்கிறதே என்று சக்கையிலேயே மூன்றாவது தடவை ஊற்றிவிடாதீர்கள்.

முதலில் டிகாஷனைத் தனியாக நக்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 30 மில்லி டிகாஷன், 100 மில்லி சூடான பால், வழக்கமான சர்க்கரை போட்டு, விருந்தாளி குடிக்கிற மாதிரியே குடித்துப் பாருங்கள். பாலிலும் சர்க்கரையிலும் பாதிக் கசப்பு அடங்கியிருக்கும்.

அப்புறம் 75 கிராம் புதுப்பொடியை, கொஞ்சம் கொரகொரப்பாக, 400 மில்லி வெந்நீரில் இறக்குங்கள். பொடி நூற்றைம்பது மில்லி போலக் குடித்துக்கொள்ளும், கால் லிட்டர் கெட்டி டிகாஷன் கிடைக்கும். பழையதில் கால் லிட்டரைக் கீழே ஊற்றிவிட்டு இதைக் கலந்தால் கெட்டி திரும்பிவிடும்.

கடைசியில் உப்பு. டம்ளருக்கு 0.1 கிராம் என்றால் 30 டம்ளருக்கு 3 கிராம், அதாவது தட்டின அரை டீஸ்பூன். ஒரே தடவையில் போடாதீர்கள். கால் டீஸ்பூனை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்துச் சேர்த்து, மறுபடி பால் ஊற்றி ஒரு டம்ளர் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடலாம். சூடு வேண்டுமென்றால் பாலைச் சுடவையுங்கள். டிகாஷனை அல்ல.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கு ரத்த அழுத்தம். டாக்டர் சொன்ன சோடியம் குறைந்த உப்பைப் போட்டேன். கசப்பு கூடின மாதிரி இருக்கிறது.

கூடத்தான் செய்யும் சார். அந்த வகை உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள், அதற்கே ஒரு கசப்பு உண்டு. உங்களுக்கு இந்த வைத்தியமே வேண்டாம். பொடியைக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள், முதல் டிகாஷனோடு நிறுத்துங்கள்.

மேலூர் பக்கம் ஒருவர்: எங்க போர் தண்ணியே உப்புதான். அப்போ எங்க காபி கசக்கவே கூடாதே?

நல்ல கேள்வி. உங்கள் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளாக இருக்கலாம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டினால் அதுதான். மெக்னீசியம் உப்பு கசக்கும். சோடியம் செய்கிற வேலையை அது செய்யாது.

இடையில் விளாங்குடியிலிருந்து ஒருவர்: ஆர்.ஓ. தண்ணி ஊத்தினா எல்லாம் சரியாயிரும். இதுக்கு எதுக்கு இவ்வளவு விளக்கம்?

பாதி சரி. படிவு போகும், கசப்பும் கொஞ்சம் குறையும். ஆனால் எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்த தண்ணீரில் காபி வெறிச்சென்று இருக்கும். கொஞ்சம் தாது இருந்தால்தான் ருசி இறங்கும்.

மறுபடி மேலூர்க்காரர்: எங்க அப்பத்தா இதே போர் தண்ணியிலதான் போட்டுச்சு. தெருவே வந்து குடிக்கும்.

அப்பத்தா காலத்துத் தண்ணீரும் இன்றைக்கு வருகிற தண்ணீரும் ஒன்றாக இருக்குமா? ஆழம் மாறினால் தண்ணீரும் மாறும்.

விளாங்குடிக்காரர்: அதான் சொல்றேன், ஆர்.ஓ. போடுங்க.

மேலூர்க்காரர்: அதுல போட்டா காபியே இல்லை, வெந்நீர்.

இரண்டு பேரும் ஒரே பொடியில், பாதிக்குப் பாதி கலந்த தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் பொடிக்காரன், உங்கள் போரை இங்கிருந்து ருசி பார்க்க முடியாது.

செல்லூர், வீட்டிலிருந்து: உப்புப் போட்டால் பால் திரிந்துவிடாதா?

இந்த அளவுக்குத் திரியாது. திரிந்தால் பால் பழசு, அல்லது டிகாஷன் புளித்திருக்கிறது.

பெத்தானியாபுரத்திலிருந்து: சிக்கரிதானே கசப்புக்குக் காரணம்?

அதுவும் ஒரு காரணம். சிக்கரி கசக்கும், தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சட்டப்படி கலவையில் 49 சதவீதம் வரை இருக்கலாம். பாக்கெட்டில் அச்சடித்திருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொருவர்: உப்புக் காபி குடித்தால் எடை குறையுமா?

குறையாது.

வாடிப்பட்டி: அண்ணே, ஒரு டம்ளருக்கு உப்பு எவ்வளவு போடணும்?

முதல் பதிலிலேயே இருக்கிறது.

நாகமலையிலிருந்து: காலையில் போட்ட டிகாஷன் ஆறிடுச்சு. லேசா சூடு பண்ணி, உப்புப் போட்டா...

அடுப்பை அணையுங்கள் முதலில்.