வாட்டர்ஃபால் சார்ட்டில் நிகர லாபம் ஏன் அந்தரத்தில் தொங்குகிறது?

கேள்வி: மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். "வருஷத்துக்கு இரண்டரைக் கோடி கிட்ட விற்கிறோம், லாபம் மட்டும் ஏன் 12 லட்சம்?" என்று முதலாளி கேட்கிறார். எக்செல் 2019-இல் வாட்டர்ஃபால் சார்ட் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தால், நிகர லாபத் தூண் கீழே இறங்காமல் வலது ஓரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. நடுவில் உள்ள மொத்த லாபமும் அப்படியே. எங்கே தப்பு?

பதில்: உங்கள் கணக்கில் தப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்த எண் ஒரு படி, எந்த எண் அதுவரை வந்த மீதி என்பதை எக்செலுக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். படி என்றால் முந்தைய தூண் முடிந்த உயரத்திலிருந்து ஏறும் அல்லது இறங்கும் தொகை. சம்பளம், வட்டி போன்றவை படிகள். நிகர விற்பனை, மொத்த லாபம், நிகர லாபம் ஆகியவை மீதிகள். அவை எப்போதும் பூஜ்யத்திலிருந்து எழுந்து நிற்க வேண்டும். நீங்கள் சொல்லும்வரை எக்செல் எல்லாவற்றையும் படியாகவே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் முழு லாப நட்டக் கணக்கு என்னிடம் இல்லை. அதனால் ஏறக்குறைய உங்கள் அளவுள்ள ஒரு கம்பெனிக்கு நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். தொகை எல்லாம் லட்சத்தில். A நெடுவரிசையில் பெயர், B-யில் தொகை, முதல் வரி தலைப்பு.

```
 2  விற்பனை                     240
 3  திருப்பம், தள்ளுபடி            -12
 4  நிகர விற்பனை                 =SUM(B2:B3)
 5  மூலப்பொருள்                 -126
 6  கூலி, மின்சாரம்               -24
 7  மொத்த லாபம்                 =SUM(B4:B6)
 8  சம்பளம்                      -26
 9  போக்குவரத்து, விளம்பரம்       -17
10  வாடகை, அலுவலகம்            -9
11  தேய்மானம்                   -6
12  செயல்பாட்டு லாபம்            =SUM(B7:B11)
13  வட்டி                        -5
14  இதர வருமானம்                1
15  வருமான வரி                  -4
16  நிகர லாபம்                   =SUM(B12:B15)
```

மீதிகள் வரிசையாக 228, 78, 20, 12 என்று வரும். செலவுகளுக்கு மைனஸ் குறி கட்டாயம். அதை விட்டுவிட்டால் சம்பளமும் வாடகையும் லாபத்தைக் கூட்டுவதுபோல மேலே ஏறும். எல்லாத் தூண்களும் ஒரே நிறத்தில் மலையேறினால் காரணம் அதுதான். மீதிகளைக் கையால் தட்டச்சு செய்யாமல் சூத்திரமாக வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு செலவைத் திருத்தினால் அதற்குக் கீழே உள்ள மீதி எல்லாம் தானாகத் திருந்திவிடும்.

இப்போது A1 முதல் B16 வரை தேர்ந்தெடுத்து, Insert பட்டையில் சார்ட் வகைகளுக்குள் Waterfall-ஐச் சொடுக்கினால் உங்களுக்கு வந்த அதே படம் வரும். 240-இல் ஆரம்பித்து 228-க்கு இறங்கும். அடுத்து நிகர விற்பனையான 228-ஐ அதன்மேலேயே ஏற்றி 456-க்குப் போகும். பிறகு மூலப்பொருளும் கூலியும் கழிந்து 306, அதன்மேல் மொத்த லாபம் 78 ஏறி 384. இப்படியே போய்க் கடைசியில் நிகர லாபம் 338-க்கும் 350-க்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டையாகத் தொங்கும். மொத்த விற்பனையே 240 லட்சம் என்னும்போது படத்தில் எந்தத் தூணும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஏதோ ஒரு மீதி இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

சரி செய்வது எளிது. நிகர விற்பனைத் தூணை ஒரு முறை சொடுக்குங்கள். எல்லாத் தூண்களும் ஒன்றாகத் தேர்வாகும். அதே தூணை மறுபடி ஒரு முறை சொடுக்குங்கள்; இப்போது அது மட்டும் தேர்வாகும். அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி Set as total என்பதைத் தேர்ந்தெடுத்தால் தூண் தரையில் இறங்கி நிற்கும். சடசடவென்று இரண்டு முறை சொடுக்கக் கூடாது, பக்கத்தில் வேறு பெட்டி திறந்துவிடும். சற்று நிறுத்தி இரண்டு தனிச் சொடுக்கு. மொத்த லாபம், செயல்பாட்டு லாபம், நிகர லாபம் மூன்றுக்கும் இதையே செய்யுங்கள். முதல் தூணான விற்பனைக்கும் செய்யச் சொல்வேன். அது ஏற்கெனவே தரையில்தான் நிற்கிறது. ஆனால் செய்தால் மற்ற மீதிகளின் நிறத்துக்கு மாறிவிடும், பார்க்கிறவர் குழம்ப மாட்டார்.

நிறம் மாற்ற ஒவ்வொரு தூணாகப் போக வேண்டாம். படத்தின் விளக்கக் குறிப்பில் Increase, Decrease, Total என்று மூன்று பெயர்கள் இருக்கும். குறிப்பை ஒரு முறை சொடுக்கி, பிறகு அதில் Decrease-ஐ மட்டும் சொடுக்கி நிறம் கொடுத்தால் எல்லாச் செலவுகளும் சேர்ந்து மாறும். மூன்றுக்கும் நிறம் கொடுத்த பிறகு அந்தக் குறிப்பை அழித்துவிடலாம். பின்னால் எப்போதாவது நடுவில் ஒரு வரி சேர்த்தால், மீதித் தூண்கள் எல்லாம் தரையில்தான் நிற்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரியைச் சூத்திரத்தின் எல்லை சேர்த்துக்கொண்டதா என்பதையும் பாருங்கள்.

படம் சரியாக நிற்பது பாதி வேலைதான். உங்கள் முதலாளியின் கேள்விக்கு அது உண்மையான பதில் சொல்கிறதா என்பது B நெடுவரிசையில் எந்தத் தொகையை எடுத்துப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதில் அதிகம் சறுக்குகிற இடம் மூலப்பொருள். அங்கே வரவேண்டியது அந்த ஆண்டு வாங்கிய தொகை இல்லை, விற்ற சரக்குக்குச் செலவான தொகை. ஆண்டின் ஆரம்ப இருப்பு 14 லட்சம், கொள்முதல் 138 லட்சம், மார்ச் 31 அன்று குடோனில் இருந்த மிளகாய், மல்லி, மஞ்சளின் மதிப்பு 26 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 14-உம் 138-உம் கூட்டி 26-ஐக் கழித்தால் 126. நான் எழுதியது இந்த எண்ணைத்தான். கொள்முதல் லெட்ஜரைப் பார்த்து நேராக 138 என்று போட்டிருந்தால் மொத்த லாபம் 66 ஆகிவிடும். மற்ற எண்கள் அப்படியே இருக்க, நிகர லாபம் பூஜ்யத்தில் முடியும். குடோனில் கூடுதலாகச் சேர்ந்த 12 லட்சம் சரக்கை நஷ்டமாகக் காட்டுகிற படம் அது.

விற்பனைத் தொகை ஜிஎஸ்டி நீங்கலாக இருக்க வேண்டும். பில் தொகையை அப்படியே கூட்டி எடுத்தால் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியும் உங்கள் வருமானமாக முதல் தூணில் ஏறி நிற்கும். வங்கிக் கடன் தவணையில் வட்டி மட்டும்தான் இந்தப் படத்துக்குள் வரும், அசல் வராது. தேய்மானம் நேர்மாறு. அந்த 6 லட்சம் யார் கைக்கும் போகவில்லை, ஆனாலும் லாபத்தைக் குறைக்கும். ஆகவே, "12 லட்சம் லாபம் என்றால் பேங்கில் ஏன் அவ்வளவு இல்லை?" என்று முதலாளி அடுத்துக் கேட்டால் இந்தப் படத்தில் பதில் தேடாதீர்கள். குடோன் சரக்கு, வர வேண்டிய பாக்கி, கடன் அசல் இவற்றில்தான் பணம் இருக்கும். அதற்குப் பண வரவு செலவை வைத்துத் தனிப் படம் போட வேண்டும்.

அப்புறம், அளவு. 240 உயரமுள்ள தூணுக்குப் பக்கத்தில் 12 நிற்கும்போது, முதல் தூண் 8 சென்டிமீட்டர் என்றால் நிகர லாபம் 4 மில்லிமீட்டர்தான். வட்டியும் வரியும் கோடுபோலத்தான் தெரியும். இதைப் பெரிதாக்குவதற்காக நிமிர்ந்த அச்சை 100-இலிருந்தோ 150-இலிருந்தோ தொடங்கலாமா என்று தோன்றும். செய்யாதீர்கள். தரையில் நிற்கும் தூண்களின் உயரத்தைத்தான் கண் ஒப்பிடுகிறது. அடியை வெட்டினால் அந்த ஒப்பீடு பொய்யாகிவிடும், 78-உம் 20-உம் 12-உம் காணாமலே போகும். படத்தை இரண்டாக உடைப்பதுதான் என் யோசனை. முதல் படம் விற்பனையிலிருந்து மொத்த லாபம் வரை, 2 முதல் 7 வரையுள்ள வரிகள். இரண்டாவது மொத்த லாபத்திலிருந்து நிகர லாபம் வரை, 7 முதல் 16 வரை. இரண்டாவதில் 78-தான் உயரமான தூண் என்பதால் அதே 8 சென்டிமீட்டரில் நிகர லாபம் 12 மில்லிமீட்டருக்கு வளரும். இரண்டு படங்களின் அளவுகோல் வேறு என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் பெரிய செலவை முதலில் வைத்திருக்கிறேன். சம்பளம் 26, பிறகு 17, 9, 6. அடுக்கைத் தாண்டி மாற்றக் கூடாது. வட்டி தேய்மானத்துக்கு மேலே போனால் செயல்பாட்டு லாபம் என்ற மீதிக்கே அர்த்தமில்லாமல் போகும். சின்னச் சின்னச் செலவுகளை ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் அந்த "இதர செலவு" பெயர் சொல்லிக் காட்டிய செலவைவிடப் பெரிதாகிவிட்டால் அதைப் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் முதலாளி முதலில் விரல் வைப்பது அங்கேதான். தூண்களின் மேல் லட்சத்தை எழுதுவதோடு, நிகர விற்பனையில் 100 ரூபாய்க்கு எவ்வளவு என்றும் பக்கத்தில் ஒரு சிறிய பட்டியல் வைத்தால் அவருக்குச் சட்டென்று பிடிபடும். நம் எண்களில் 100 ரூபாய்க்கு மூலப்பொருள் சுமார் 55 ரூபாய், கூலியும் மின்சாரமும் பத்தரை, சம்பளம் பதினொன்றரைக்குச் சற்றுக் குறைவு, நிகர லாபம் ஐந்தேகால். லாபம் ஏன் குறைவு என்று பேசும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த 55 ரூபாயைத்தான். கொள்முதல் விலையில் 100-க்கு 2 ரூபாய் குறைந்தாலே இரண்டரை லட்சம் மிஞ்சும். அலுவலகச் செலவில் அதே தொகையை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அந்த 9 லட்சத்தில் கால் பங்குக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும்.

கூகுள் ஷீட்ஸில் செய்வதாக இருந்தால் ஒரு வேறுபாடு. அங்கே இடை மீதிகளைச் சார்ட்டே கூட்டிப் போட்டுக்கொள்ளும். எனவே 4, 7, 12, 16 வரிகளைத் தரவிலிருந்து எடுத்துவிட்டு, சார்ட் அமைப்பில் எந்தத் தூணுக்குப் பிறகு மீதி வேண்டும் என்று சொல்ல வேண்டும். எடுக்காமல் விட்டால் மறுபடி அதே இரட்டைக் கூட்டல்.

எக்செலில் இந்த வகைச் சார்ட் 2016-இல்தான் வந்தது. முதலாளியின் கணினியில் அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால், கோப்பைத் திறந்தாலும் படம் இருக்க வேண்டிய இடத்தில் படம் வராது. பிடிஎஃப் ஆகவோ படமாகவோ சேமித்து அனுப்பிவிடுங்கள். பழைய எக்செலிலேயே போட்டாக வேண்டும் என்றால், Stacked Column சார்ட்டில் ஒவ்வொரு படிக்கும் அடியில் ஒரு தாங்கு தூண் வைத்து அதற்கு No Fill கொடுக்க வேண்டும். அதுவரை வந்த மீதியை G நெடுவரிசையில் வைத்தால், 3-ஆம் வரியில் உள்ள படிக்குத் தாங்கு தூணின் உயரம் இதுதான்:

```
=MIN(G2,G3)
```

மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகாதவரை இந்த முறை சரியாக வேலை செய்யும். ஏதாவது ஒரு வருஷம் செயல்பாட்டு லாபம் 3 ஆகவும் வட்டி 5 ஆகவும் இருந்தால், வட்டித் தூண் பாதி மேலேயும் பாதி கீழேயும் நிற்க வேண்டும். தாங்கு தூணால் அதைக் காட்ட முடியாது. எக்செல் 2016-உம் அதற்குப் பின் வந்தவையும் அதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும்.