லாக்கில் 200 வந்தும் இருப்பு மாறாதது ஏன்?

"கவுண்டரில் பில் போட்டாச்சு, வெப்சைட்டில் பழைய இருப்பே காட்டுகிறது. லாக்கில் எதைப் பார்ப்பது?"

ஸ்டாக் சிங்க் என்றால் கவுண்டரில் மாறிய இருப்பை வெப்சைட்டுக்கும் சொல்லி அனுப்புவது. பெரும்பாலும் பல பொருள்கள் ஒரே கட்டாகப் போகும்.

```
14:05 sent=50 status=200 updated=49
sku "4512" not found
```

இங்கே 200 என்பது கட்டு போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் மட்டுமே. தபால் கட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டாரே! அதனால் `sent`, `updated` இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று குறைகிறது, எது என்பதை அடுத்த வரி சொல்கிறது: sku, அதாவது பொருளின் குறியீடு, `4512`. வெப்சைட்டில் அதே பொருளின் குறியீடு `004512`. ஸ்ப்ரெட்ஷீட் வழியாக ஏற்றும்போது முன்னால் இருந்த பூஜ்யங்கள் உதிர்ந்துவிட்டன (வழக்கமான வில்லன்).

அப்புறம், பிழை வரியே இல்லாவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பது தவறு. அனுப்பவே படாத பொருளுக்கு லாக்கில் எந்த வரியும் இருக்காது.